மாதச் சம்பளம் இல்லாதவர்களுக்கு அவசரப் பணம்: நாள் கணக்கில் ஒரு பேச்சு

*அக்கா, வணக்கம். நான் பைக்கில் டெலிவரி வேலை செய்கிறேன். எங்கள் குழுவில் டெலிவரி, வாடகை வண்டி, கட்டட வேலை, பெயின்டிங் என்று நாற்பது பேர் இருக்கிறோம். அடுத்த கூட்டத்தில் அவசர நிதி பற்றிப் பத்து நிமிடம் பேசும்படி என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். தேடிப் பார்த்தால் எங்கும் "மூன்று முதல் ஆறு மாதச் சம்பளத்தைச் சேர்த்து வையுங்கள்" என்றுதான் இருக்கிறது. எங்களுக்கு மாதச் சம்பளமே கிடையாது. ஒரு வாரம் நன்றாக வரும், அடுத்த வாரம் பெட்ரோலுக்கே இழுபறி. இவர்களிடம் நான் என்னதான் பேசுவது? பேச்சாகவே எழுதித் தர முடியுமா?*

தம்பி, வணக்கம். மாதம் என்ற சொல்லே வராமல் பேச்சைத் தொடங்குங்கள். உங்கள் எதிரில் உட்காரப்போகிறவர்கள் நாளாகச் சம்பாதித்து நாளாகச் செலவழிக்கிறவர்கள். "ஆறு மாதச் சம்பளம்" என்று காதில் விழுந்ததுமே, இது நமக்கான பேச்சு இல்லை என்று முடிவு செய்துவிடுவார்கள்.

நானும் பல வருஷம் அந்த ஆறு மாதக் கணக்கைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். கொத்தனார் ஒருவர் நான் எழுதிக் கொடுத்த தொகையை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார். எட்டு மாதம் கழித்து வந்தபோது கையில் ஒன்றும் இல்லை. அவர் சேர்க்காமல் இல்லை, இரண்டு முறை சேர்த்திருக்கிறார். இரண்டு முறையும் மழையில் வேலை நின்றதும் வீட்டுச் செலவுக்கு எடுத்துவிட்டார். "நமக்கெல்லாம் இது வராதுங்க" என்றார். எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் தவறு அவர் பக்கம் இல்லை. மழைக்கால வேலை நிறுத்தம் அவருக்கு எதிர்பாராத அவசரமே இல்லை. வருஷா வருஷம் வருகிற ஒன்று. அதற்கும் எதிர்பாராத விபத்துக்கும் சேர்த்து ஒரே உண்டியலைக் காட்டியது என் பிழை.

அதனால் உங்கள் பத்து நிமிடமும் ஒரே விஷயத்தைச் சுற்றியே இருக்கட்டும். வருமானம் ஏறி இறங்குகிறவருக்கு இரண்டு தனித்தனிப் பணம் வேண்டும். முதலாவது, வேலை மந்தமாகும் நாட்களுக்கான "டல் நாள் பணம்". இரண்டாவது, வேலையே நின்றுபோகும்போது எடுக்கிற "அவசரப் பணம்". முதலாவது நிறையாமல் இரண்டாவது நிற்காது. கீழே மேற்கோள் குறிக்குள் இருப்பது நீங்கள் பேச வேண்டியது. இடையில் இருப்பது, யாராவது கேள்வி கேட்டால் உங்கள் கையில் இருக்க வேண்டியது.

முதல் இரண்டு நிமிடம் இப்படிப் போகலாம்:

"போன 12 வாரத்தில் கையில் ஒன்றும் இல்லாமல் கடன் கேட்டுப் போன நாள் யாருக்கெல்லாம் இருந்தது? கையைத் தூக்குங்கள். சரி. அதே 12 வாரத்தில், இன்றைக்கு நல்ல வரும்படி என்று சந்தோஷமாக வீட்டுக்குப் போன நாள் யாருக்கெல்லாம் இருந்தது? பாருங்கள், அதே கைகள்தான். நமக்கு வருமானமே இல்லை என்று சொல்லிவிட முடியாது. வருகிற நாளும் தேவைப்படுகிற நாளும் வேறு வேறாக இருக்கின்றன. இன்றைக்கு அந்த இரண்டு நாளையும் எப்படிச் சேர்த்து வைப்பது என்று மட்டும் பேசலாம்."

இது உங்கள் குழுவுக்கு மட்டும் உள்ள பிரச்சினை இல்லை. அமெரிக்காவில் நடுத்தர, குறைந்த வருமானக் குடும்பங்கள் 235-ஐத் தேர்ந்தெடுத்து, 2012, 2013-ஆம் ஆண்டுகளில் ஏறக்குறைய ஒரு வருஷம் அவர்களுடைய வரவு செலவு முழுவதையும் ஆய்வாளர்கள் குறித்து வைத்தார்கள். ஆண்டில் சராசரியாக 5 மாதங்களில் அந்தக் குடும்பங்களின் வருமானம் தங்கள் சராசரியைவிட 25 சதவீதத்துக்கும் மேல் கூடியோ குறைந்தோ இருந்தது. அதனால்தான் நம் மாதிரியானவர்களுக்குச் சராசரி மாத வருமானத்தை வைத்துக் கணக்குப் போட்டால் அது எந்த மாதத்துக்கும் பொருந்துவதில்லை. சராசரியை விட்டுவிடுங்கள். செலவிலிருந்து தொடங்குங்கள், அது வருமானம் அளவுக்கு ஆடாது.

"முதலில் ஒரே ஒரு எண்ணைக் கண்டுபிடிக்கிறோம். நம் வீடு ஒரு நாள் ஓட எவ்வளவு வேண்டும்? வாடகையை 30-ஆல் வகுங்கள். சாப்பாட்டுச் செலவு, மருந்து, கரண்ட், போன் ரீசார்ஜ், கடன் தவணை எல்லாவற்றையும் ஒரு நாள் கணக்குக்குக் கொண்டுவாருங்கள். வருஷத்துக்கு ஒருமுறை கட்டும் பள்ளிக் கட்டணம், வண்டி இன்சூரன்ஸ் இரண்டையும் 365-ஆல் வகுத்துச் சேர்த்துக்கொள்ளுங்கள். வருகிற மொத்தம்தான் நம் ஒருநாள் செலவு. பேச வசதியாக அதை 100 என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்கு அது வேறு எண்ணாக இருக்கும், கணக்கு ஒன்றுதான்."

இந்த இடத்தில் இரண்டு தவறு நடக்கும், தம்பி. முதலாவது, டயர் தேய்வதையும் ஆயில் மாற்றுவதையும் அவசரம் என்று நினைப்பது. ஒரு டயர் 400 ஆகிறது, 200 நாள் ஓடுகிறது என்றால் அது நாளுக்கு 2. தேதி மட்டும்தான் தெரியாது, செலவு தெரிந்ததே. அது ஒருநாள் செலவுக்குள் வந்துவிட வேண்டும், இல்லையென்றால் அவசரப் பணத்தை டயரே தின்றுவிடும்.

இரண்டாவது தவறு இதைவிடப் பெரிது. வாரத்தில் ஆறு நாள் வேலைக்குப் போகிறவர், வேலைக்குப் போகிற நாளில் 100 வந்தால் போதும் என்று நினைத்துக்கொள்வார். ஓய்வு நாளிலும் வீடு சாப்பிடும். வாரத்துக்கு 700 வேண்டும், அது ஆறு நாளில் வர வேண்டும் என்றால் வேலை நாளின் தேவை ஏறக்குறைய 117. ஐந்து நாள் மட்டும் வேலை கிடைக்கிறவருக்கு 140. கையில் மிச்சம் இருப்பதாகத் தோன்றி வாரக் கடைசியில் பணம் எங்கே போனது என்று புரியாமல் நிற்பவர்களில் பலருக்கு இந்த 17-தான் காரணம். இதைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்லுங்கள். முடிந்தால் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள்.

அடுத்தது வருமானம். டெலிவரி செய்கிறவர்களுக்கு ஆப்பில் தெரிகிற தொகை வருமானம் இல்லை. பெட்ரோல், கமிஷன் பிடித்தம், டேட்டா எல்லாம் போக மிஞ்சுவதுதான். கட்டட வேலைக்குப் போகிறவருக்குப் பஸ் கட்டணமும் சொந்தமாக வாங்கும் சாமான்களும் போக மிஞ்சுவது. இனி வருமானம் என்று நான் எழுதுவதெல்லாம் அந்தக் கைக்கு வந்த பணம்தான்.

இப்போது ஓர் ஆளின் 12 வாரத்தை எடுத்து எல்லோர் முன்னிலையிலும் போட்டுக் காட்டுங்கள். நான் ஒன்று தயாரித்துத் தருகிறேன். இவருக்கு வாரத் தேவை 700. கைக்கு வந்தது வாரவாரியாக: 950, 1020, 880, 610, 400, 520, 990, 1100, 1050, 870, 300, 760.

"கூட்டிப் பாருங்கள். 12 வாரத்தில் வந்தது 9,450. தேவைப்பட்டது 8,400. ஆக, இவருக்கு 1,050 மிச்சம் இருக்க வேண்டும். ஆனால் இவரைக் கேட்டால் இரண்டு முறை கடன் வாங்கினேன் என்பார். ஏன்? நாலாவது, ஐந்தாவது, ஆறாவது வாரத்தைப் பாருங்கள். 90, 300, 180 என்று தொடர்ந்து குறைகிறது. மூன்று வாரத்தில் 570 பள்ளம். அதற்கு முந்தைய மூன்று வாரத்தில் தேவைக்கு மேல் 750 வந்திருந்தது. அது எங்கே? வந்த வாரத்திலேயே செலவாகிவிட்டது. 11-ஆவது வாரத்தில் இன்னொரு பள்ளம், 400. இவருடைய பெரிய பள்ளம் 570. நாளாக மாற்றினால் ஆறு நாள் செலவு. அதுதான் இவருடைய டல் நாள் பணம். ஆறு மாதம் இல்லை, ஆறு நாள்."

இந்தக் கடைசி வரியைச் சொல்லும்போது கூட்டத்தில் முகங்கள் மாறும். கொஞ்சம் நேரம் கொடுங்கள். எட்ட முடிகிற எண்ணை அவர்கள் முதன்முதலாகக் கேட்கிறார்கள்.

எல்லோருக்கும் ஆறு நாள் வராது. மழைக்காலத்தில் வேலை நிற்கிற கட்டடத் தொழிலாளிக்கு 12 வாரம் போதாது, போன மழைக்காலத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். பள்ளம் 25 நாள் என்று வரலாம். தொடர்ந்து குறைகிற வாரங்களைக் கூட்டி எடுப்பதுதான் முக்கியம். மிக மோசமான ஒரு வாரத்தை மட்டும் பார்த்து இலக்கு வைத்தால் 400 என்று வைத்திருப்போம், மூன்று வாரச் சரிவில் அது பாதியிலேயே தீர்ந்திருக்கும்.

எவ்வளவு ஒதுக்குவது என்று கேட்பார்கள். மாதத்துக்கு இவ்வளவு என்று நிலையான தொகை சொல்லாதீர்கள். மந்தமான வாரத்தில் அந்தத் தொகைக்காகக் கடன் வாங்க நேரும். தேவைக்கு மேல் வந்ததில் ஒரு பங்கு என்று வையுங்கள்.

"வேலை நாளில் 117-க்கு மேல் வந்தால், மேலே வந்ததை அன்றைக்குச் சாயங்காலமே ஒரு கவரில் போட்டுவிடுங்கள். வாரக் கடைசியில் கணக்குப் பாருங்கள். வாரம் முழுதும் 700-க்கு மேல் வந்திருந்தால், மேலே வந்ததில் நாலில் மூன்று பங்கு டல் நாள் பணத்துக்கு. மீதி ஒரு பங்கு வீட்டுக்கு, உங்கள் இஷ்டம். 700-க்குக் கீழே போயிருந்தால் முதலில் கவரிலிருந்தும், அப்புறம் டல் நாள் பணத்திலிருந்தும் குறைந்ததை மட்டும் எடுங்கள். குறைந்தது 90 என்றால் 90."

பாதிப் பங்கு போதாதா என்று யாராவது கேட்டால் நம் ஆளின் கணக்கையே காட்டுங்கள். முதல் மூன்று வார மிச்சம் 750. பாதி போட்டால் 375, பள்ளம் 570, மறுபடி 195 கடன். நாலில் மூன்று போட்டால் 562, பள்ளத்தில் 8 மட்டும் குறைகிறது. அதைச் சமாளித்துவிடலாம். அப்புறம் வந்த நாலு நல்ல வாரங்களில் 1,210 மிச்சம், அதில் 907 சேர்கிறது. 11-ஆவது வாரத்தில் 400 எடுக்கிறார். கடைசி வாரத்தில் 45 போடுகிறார். 12 வாரம் முடியும்போது கையில் 552, கடன் இல்லை. இலக்கான 570-க்கு அருகில் வந்துவிட்டார். முழு மிச்சத்தையும் போடச் சொல்லவே வேண்டாம். அந்த கால் பங்கு இல்லாவிட்டால் வீட்டில் இதற்கு ஆதரவு இருக்காது. நான் பார்த்தவரை, வீட்டில் சண்டை வந்துதான் பல சேமிப்புகள் நின்றிருக்கின்றன.

இப்போது இரண்டாவது பணம். இதில் நேர்மையாகப் பேசுவது மிக முக்கியம், ஏனென்றால் இது மெதுவாகத்தான் சேரும்.

"டல் நாள் பணம் நிறைந்த பிறகு அந்த நாலில் மூன்று பங்கு அவசரப் பணத்துக்கு. இதை எப்போது எடுக்கலாம்? வேலைக்கே போக முடியாதபடி உடம்போ வண்டியோ விழுந்தால், வீட்டில் ஒருவருக்கு உடனே வைத்தியம் தேவைப்பட்டால், வீட்டை விட்டு வெளியேற வேண்டிய நிலை வந்தால். ஆர்டர் குறைந்தது இதில் வராது, அதற்கு முதல் பணம் இருக்கிறது. விசேஷமும் வராது. முதல் படி பத்து நாள் செலவு, அதாவது 1,000. வண்டி பழுதாகி ஒரு வாரம் நின்றால் அது தாங்கும். அடுத்த படி 42 நாள், 4,200."

ஏன் 42 என்று கேட்பார்கள். கை கால் எலும்பு முறிந்தால் சேர்வதற்கு ஆறு முதல் எட்டு வாரம் ஆவது சாதாரணம். சம்பளத்துடன் விடுப்பு இல்லாதவர்களுக்கு அந்த நாட்களில் வரவு பூஜ்யம். குறைந்தபட்சக் கணக்கான ஆறு வாரம்தான் இந்த 42. ஆபரேஷன், ஆஸ்பத்திரிச் செலவு இதற்குள் அடங்காது. அதற்குக் காப்பீடு வேண்டும், அது தனிப் பேச்சு. வேலை தரும் நிறுவனமோ அரசோ விபத்துக் காப்பீடு ஏதாவது தருகிறதா, அதற்குத் தங்கள் பெயர் பதிவாகியிருக்கிறதா என்று ஒவ்வொருவரும் பார்த்துக்கொள்ளும்படி மட்டும் சொல்லிவிட்டு நகருங்கள்.

எவ்வளவு காலம் ஆகும்? நம் ஆள் 12 வாரத்துக்கு ஏறக்குறைய 550 சேர்க்கிறார். அந்த வேகத்தில் 1,000 சேர ஐந்து மாதம். 4,200 சேர ஒன்றே முக்கால் வருஷம். இதைக் குறைத்துச் சொல்லாதீர்கள். ஆறு மாதத்தில் முடியும் என்று நம்பி ஆரம்பித்தவர் ஏழாவது மாதத்தில் விட்டுவிடுவார்.

கடன் இருக்கிறவர்கள்தான் உங்கள் கூட்டத்தில் அதிகம் இருப்பார்கள். "கடனை அடைப்பதா, சேர்ப்பதா?" என்ற கேள்வி நிச்சயம் வரும். தண்டல் கடனை எடுத்துக்கொள்வோம். 1,000 என்று எழுதி 900 கையில் கொடுப்பார்கள். நாளுக்கு 10 வீதம் 100 நாள் கட்ட வேண்டும். 900-க்கு 100-தானே வட்டி, 11 சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் அந்த 900 நூறு நாளும் நம்மிடம் இருப்பதில்லை, முதல் நாளிலிருந்தே திரும்பிப் போய்க்கொண்டிருக்கிறது. சராசரியாகப் பாதிதான் நம்மிடம் இருக்கிறது, அதுவும் மூன்று மாதம் சொச்சம். ஆண்டு வட்டியாக மாற்றினால் 77 சதவீதம் போல வருகிறது. இவ்வளவு வட்டியை வைத்துக்கொண்டு ஒன்றே முக்கால் வருஷம் அவசரப் பணம் சேர்ப்பது நஷ்டம்.

ஆனாலும் முதல் நாளிலிருந்தே எல்லாவற்றையும் கடனுக்குக் கொட்டச் சொல்ல மாட்டேன். கையில் ஒன்றும் இல்லாமல் கடனை அடைத்தால் அடுத்த மந்த வாரத்தில் அதே தண்டல்காரரிடம்தான் போய் நிற்போம். என் வரிசை இது: தவணை ஒருநாள் செலவுக்குள் இருக்கட்டும். டல் நாள் பணம் முதலில் நிறையட்டும். அவசரப் பணம் பத்து நாள் அளவுக்கு வரட்டும். அங்கே நிறுத்திவிட்டு மிச்சத்தையெல்லாம் வட்டி அதிகமுள்ள கடனுக்குத் திருப்புங்கள். அது முடிந்ததும் நாள் தவணையாகப் போன 10 நம் கைக்கே வந்துவிடும், 42 நாள் இலக்கு வேகமாக நெருங்கும்.

பணத்தை எங்கே வைப்பது என்பதை ஒரு நிமிடத்தில் முடித்துவிடலாம். டல் நாள் பணம் அன்றைக்கே கைக்கு வருகிற இடத்தில் இருக்கட்டும், ஆனால் தினம் செலவு செய்கிற கணக்கில் வேண்டாம். போனில் பணம் அனுப்பும் ஆப்போடு இணைக்காத இன்னொரு சேமிப்புக் கணக்கு நல்லது. அவசரப் பணமும் ஓரிரு நாளில் எடுக்க முடிகிற இடத்தில்தான் இருக்க வேண்டும். இரண்டு வருஷம் எடுக்கவே முடியாத வைப்பில் போடாதீர்கள். விலை ஏறி இறங்கும் எதிலும் போடாதீர்கள். கைமாற்றாக யாருக்கும் கொடுக்காதீர்கள், கொடுத்த பணம் நமக்கு வேண்டிய நாளில் வராது. இரண்டு நாள் செலவை மட்டும் ரொக்கமாக வீட்டில் வைக்கலாம், ராத்திரியில் ஆஸ்பத்திரிக்கு ஓட நேர்ந்தால் அதுதான் உதவும்.

கடைசியாக, இது வேலை செய்கிறதா என்று எப்படித் தெரியும்? ஒவ்வொரு முறை எடுக்கும்போதும் தேதி, தொகை, காரணம் மூன்றையும் ஒரு வரியில் எழுதச் சொல்லுங்கள். 12 வாரம் கழித்துப் பாருங்கள். டல் நாள் பணம் இறங்கி மறுபடி ஏறியிருந்தால் சரியாகப் போகிறது. இறங்குவதைத் தோல்வி என்று நினைக்க வேண்டாம், இறங்குவதற்காகத்தான் அது இருக்கிறது. அவசரப் பணத்தில் ஒரே காரணம் இரண்டாவது முறை வந்தால், அது அவசரம் இல்லை, ஒருநாள் செலவில் நாம் சேர்க்க மறந்த ஒன்று. அதை நாளாக வகுத்து 100-ஐ 103 ஆக்குங்கள். பள்ளமே பெரிதாகியிருந்தால் இலக்கை ஏற்றுங்கள்.

இன்னொரு நிலையும் உண்டு. இதைச் சொல்லாமல் கூட்டத்தை முடிக்காதீர்கள். சிலருக்கு 12 வாரத்தைக் கூட்டினால் 8,400-ஐ எட்டவே எட்டாது, 7,600 என்று நிற்கும். அவர் எந்தப் பங்கை எப்படி ஒதுக்கினாலும் உண்டியல் நிறையாது. நல்ல வாரங்களிலும் மிச்சம் அவ்வளவாக இருக்காது. அவரிடம் சேமிக்கவில்லையே என்று யாரும் சொல்லக் கூடாது. அவருக்கு 12 வாரத்தில் 800 குறைகிறது, வேலை நாளுக்கு 11. அந்த 11-ஐ எங்கிருந்து கொண்டுவருவது என்பதுதான் அவருடைய கேள்வி. தவணையை நீட்டிக் கேட்கலாமா, வாடகையைப் பகிர முடியுமா, நஷ்டத்தில் ஓடும் நேரத்தையோ தூரத்தையோ விட முடியுமா, கூலியைச் சேர்ந்து கேட்க முடியுமா. இந்தக் கடைசிக் கேள்விக்குத் தனி ஆளால் பதில் தேட முடியாது, உங்கள் குழுவால் முடியும்.

"இப்போது போனை எடுங்கள். ஆப்பில் வேலை செய்கிறவர்கள் போன 12 வாரக் கணக்கைத் திறங்கள். கூலி வேலைக்குப் போகிறவர்கள் நினைவில் இருக்கிற வாரங்களை எழுதுங்கள், நாலு வாரம் கிடைத்தால்கூடப் போதும். பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்து இரண்டே இரண்டு எண்ணைக் கண்டுபிடியுங்கள்: ஒருநாள் செலவு எவ்வளவு, தொடர்ந்து விழுந்த பள்ளம் எத்தனை நாள். எண்ணை யாரிடமும் சொல்ல வேண்டாம். கூட்டல் வராதவர்கள் என்னிடம் வாருங்கள்."

இதற்கு மூன்று நிமிடம் ஒதுக்கிவிடுங்கள், பேச்சை ஏழில் முடியுங்கள். நாற்பது பேருக்கும் காகிதமும் பேனாவும் நீங்களே கொண்டுபோங்கள். போவதற்கு முன்னால் உங்கள் 12 வாரத்தையும் போட்டுப் பார்த்துவிடுங்கள் தம்பி. யாராவது "உங்களுக்கு எத்தனை நாள் வந்தது?" என்று கேட்பார்கள்.